குழுவில் நள்ளிரவில் போட்ட கொண்டாட்டச் செய்தியை அலுவலக நன்றிக் கடிதமாக மாற்ற வேண்டும்

பனைமரத்தொட்டிக்காரன்:

வணக்கம். ராயபுரத்தில் பதினான்கு பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். காசிமேட்டில் விசைப்படகு உரிமையாளர்கள் ஐஸ் பார்களை முன்பதிவு செய்து, வரிசை எண்ணைக் கைப்பேசியிலேயே பெற்றுக்கொள்வதற்கான செயலியை ஜூன் 14ஆம் தேதி காலை வெளியிட்டோம். ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள் தடைக்காலம் அன்றோடு முடிகிறது. நள்ளிரவுக்குப் பின் படகுகள் கடலுக்குப் புறப்படும். எல்லாப் படகுகளும் ஒரே நாளில் ஐஸ் ஏற்றும் நெருக்கடியில்தான் செயலியின் பயன் தெரியும் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

அன்று இரவு ஒரு மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி இது. வெட்கமாக இருந்தாலும் அப்படியே தருகிறேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"மக்களே!!!! பின்னிட்டீங்க!!!! மொத நாளே 212 போட்டு!!! சர்வர் ஒரு செகண்டு கூட படுக்கல!!! டேவிட்டு நீ மனுசனே இல்ல, மெசினு!!! மேரிக்கா மட்டும் இல்லன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும்!!! டெஸ்டிங் டீமு தூங்காம கெடந்தீங்களே, தெய்வங்களா!!! எல்லாருக்கும் பிரியாணி என் கணக்கு!!! ரெண்டு வருசத்துல மொத்த கோஸ்ட்டும் நம்மளுதுதான்!!!"

மறுநாள் காலை எங்கள் உரிமையாளர் இதைப் படித்துவிட்டு, இதையே முறையான நன்றிக் கடிதமாக எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பவும், படகு உரிமையாளர் சங்கத்துக்கும் ஐஸ் தந்த மூன்று தொழிற்சாலைகளுக்கும் ஒரு நகல் கொடுக்கவும் சொன்னார். நான் எழுதிய முதல் வரைவு பின்வருமாறு.

"மேற்படி செயலியின் வெளியீடு வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டதை முன்னிட்டு, இதற்காக அயராது உழைத்த அனைவருக்கும் எனது நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களது அர்ப்பணிப்பும் கூட்டு முயற்சியும் என்றென்றும் நினைவுகூரப்படும்."

இதை மேரி அக்காவிடம் காட்டியபோது, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. குழுச் செய்தியில் இருந்த உயிர் போகாமல், ஆனால் பலகையில் ஒட்டும் அளவுக்கு ஒழுங்காக இதை எப்படி எழுதுவது?

வியாசைத் தமிழன்:

உங்கள் வரைவில் அடிப்படையில் குறை ஒன்றும் இல்லை. வியப்புக்குறிகளை எடுத்தது முதல் நல்ல வேலை. ஒரு குறியே வியப்பைக் காட்டப் போதும். நான்கு குறிகள் பதற்றத்தைத்தான் காட்டும். எனினும் கடிதம் இன்னும் தூய்மையாக இருக்கலாம். 'ஐஸ் பார்' என்பதைப் 'பனிக்கட்டிப் பாளம்' என்றும், 'டோக்கன்' என்பதை 'வரிசைச் சீட்டு' என்றும் எழுதுங்கள். பெயர்களுக்கு முன் திரு, திருமதி, செல்வி என்று முறையாகச் சேர்த்து, பின்னால் 'அவர்கள்' என்றும் சேர்க்க வேண்டும். தனிநபர் புகழ்ச்சி தவிர்க்கப்பட வேண்டுமானால் செயப்பாட்டு வினையே ஏற்றது என்பது என் கருத்து.

மணலி விளம்பரம்:

படகு உரிமையாளர்களுக்கு அனுப்புவதாக இருந்தால் தொடக்கத்திலேயே அவர்களைக் கவரும் வாசகம் ஒன்று வேண்டும். "இனி ஐஸுக்குக் காத்திருக்க வேண்டாம், கைப்பேசியில் ஒரு தொடுதல் போதும்" என்று தொடங்கி, பதிவு செய்யும் முறையைச் சொல்லி, முதல் நூறு படகுகளுக்கு ஏதேனும் சலுகையும் அறிவித்தால் நன்றிக் கடிதமே நல்ல விளம்பரமாகிவிடும். 212 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பனைமரத்தொட்டிக்காரன்:

மணலி ஐயா, இது வாடிக்கையாளருக்கான அறிவிப்பு அன்று. பணியாளர்களுக்கான கடிதம், அதன் நகல்தான் வெளியே போகிறது.

ஒற்றியூர் ஓய்வுபெற்றவர்:

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் சுற்றறிக்கைகளும் பாராட்டுக் கடிதங்களும் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, உங்கள் வரைவு குழுச் செய்தியிலிருந்து பிறந்ததே அன்று. அந்தச் செய்தியை மூடி வைத்துவிட்டு, வேறு எங்கோ படித்த கடிதத்தை நினைவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் மேரி அதில் இல்லை. உண்மையில் அந்த நள்ளிரவுச் செய்திதான் நல்ல கடிதம். அது சட்டை மாட்டாமல் இருக்கிறது, அவ்வளவே.

அதை அச்செடுத்து, ஒவ்வொரு கூச்சலுக்கும் கீழே கோடிட்டு, "இதைச் சொல்லவைத்தது எந்த நிகழ்ச்சி?" என்று எழுதிப் பாருங்கள். 'மெஷின்' என்றால் டேவிட் என்ன செய்தார்? மேரி இல்லாவிட்டால் மானம் போயிருக்கும் என்றால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் போயிருக்கும்? அந்த விடைகள்தான் கடிதம். உவமை தானாக உதிர்ந்துவிடும். செயல் மட்டும் மிஞ்சும்.

வியாசைத் தமிழன் வியப்புக்குறி பற்றிச் சொன்னது சரி. செயப்பாட்டு வினை பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. "நிறைவேற்றப்பட்டது" என்று எழுதும்போது செய்தவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார். விபத்து அறிக்கையில் அது சில நேரம் வசதியாக இருக்கலாம். நன்றிக் கடிதத்தில் செய்தவரை மறைத்தால் நன்றி எதற்கு? 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்பதில் உள்ள 'கொள்' எழுதுபவரையே சுற்றி வருவதும் எனக்குப் பிடிக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது என் தனிப்பட்ட கோபம்.

ஐஸ் பாரை ஐஸ் பார் என்றே எழுதுங்கள். துறைமுகத்தில் அதை ஏற்றுபவர் பனிக்கட்டிப் பாளம் என்று படித்தால் வேறு ஏதோ சரக்கு என்று நினைப்பார்.

பனைமரத்தொட்டிக்காரன்:

ஐயா சொன்னபடி கோடிட்டு உட்கார்ந்தேன். இரண்டு இடங்களில் நானே திடுக்கிட்டேன்.

முதலாவது 212 என்ற எண். அது செயலியில் பதிவு செய்துகொண்ட படகுகளின் எண்ணிக்கை மட்டுமே. அன்று உண்மையில் எங்கள் வழியாக ஐஸ் எடுத்தவை 148 படகுகள். ஆனந்தத்தில் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது "சர்வர் ஒரு செகண்டு கூட படுக்கல" என்பது. சர்வர் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் காலை 6.10 முதல் 6.50 வரை யாருக்கும் ஓடிபி போகவில்லை. ஓடிபி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அந்த நாற்பது நிமிடமும் துறைமுகத்தில் நின்ற மேரி அக்கா, ஒரு பழைய கணக்கு நோட்டைக் கிழித்து, படகு எண்ணையும் பார் எண்ணிக்கையையும் எழுதி, 23 படகுகளுக்குக் கைச்சீட்டு கொடுத்து அனுப்பினார். தொழிற்சாலைக்காரர்கள் அவர் கையெழுத்தை நம்பி ஐஸ் கொடுத்தார்கள். டேவிட் அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய நாள் மாலை, ஓடிபி செய்தி மொட்டையாக இருக்கிறதே என்று, தொடக்கத்தில் 'வணக்கம்' என்று சேர்க்கச் சொன்னது நான்தான்.

கொருக்குப்பேட்டை நிரலர்:

இந்தத் துறையில் இருப்பதால் அந்த 'வணக்கம்' என்ன செய்திருக்கும் என்று புரிகிறது. வணிக நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் ஒவ்வொன்றின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். மாறக்கூடிய எண்ணுக்கு மட்டும் அதில் இடம் விட்டிருப்பார்கள். அனுப்பும் செய்தி பதிந்த வாசகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தொலைத்தொடர்பு நிறுவனமே அதை நிறுத்திவிடும். நம் பக்கம் எல்லாம் பச்சையாகவே தெரியும், ஏனென்றால் செய்தி நம்மிடமிருந்து போய்விட்டது. சேவையகத்தின் பதிவுகளைப் பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. எஸ்எம்எஸ் தருபவரின் விநியோக அறிக்கையைத் திறந்தால்தான் மறுப்பு தெரியும். டேவிட் நாற்பது நிமிடத்தில் அங்கே போய்ப் பார்த்தார் என்றால் அவர் சரியான ஆள்தான்.

ஆனால் இதை நன்றிக் கடிதத்தில் எழுதுவதைக் கடுமையாக எதிர்க்கிறேன். கோளாறுக்கு என்று தனி அறிக்கை இருக்கிறது. வாழ்த்தும் தாளில் குறையை எழுதினால், சங்கத்துக்காரர்கள் முதலில் அந்த வரியைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். "காலையில் ஏற்பட்ட சிறு தடங்கலின்போது" என்று ஒரு சொற்றொடரோடு கடந்துவிடுங்கள்.

ஒற்றியூர் ஓய்வுபெற்றவர்:

நிரலர் சொல்லும் அச்சம் நியாயமானது. இருந்தாலும் ஒன்று யோசியுங்கள். அந்த நாற்பது நிமிடத்தை எடுத்துவிட்டால், மேரி சீட்டு எழுதியது ஏன் என்று யாருக்கும் விளங்காது. டேவிட் செய்தது வழக்கமான வேலையாகிவிடும். அன்று வரிசையில் நின்ற 23 படகுக்காரர்களும் ஓடிபி வராததை நேரில் பார்த்தவர்கள். அவர்களிடம் போகும் தாளில் 'சிறு தடங்கல்' என்று எழுதினால் எழுதியவர் மீதுதான் நம்பிக்கை குறையும்.

எனவே ஒரே வாக்கியத்தில் நேரத்தையும் காரணத்தையும் சொல்லிவிட்டு நகருங்கள். தொழில்நுட்ப விளக்கம் வேண்டாம், மன்னிப்புப் படலமும் வேண்டாம். உங்கள் பிழை என்றால் 'நான்' என்று எழுதுங்கள். இங்கே தன்மை ஒருமைதான் பொருந்தும். 'நாம் சேர்த்த சொல்' என்று எழுதிப் பழியைப் பதினான்கு பேருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடாதீர்கள்.

'நாம்' என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் குழுச் செய்தியில் 'நம்மளுது' என்று இருக்கிறது. குழுவுக்குள் அது சரி. ஆனால் நகல் சங்கத்துக்கும் போகிறது. 'நம் செயலி' என்று சங்கச் செயலாளர் படித்தால், தாமும் அதில் பங்குதாரரோ என்று ஒரு கணம் தயங்குவார். 'எங்கள் செயலி' என்று மாற்றினால், உங்கள் பணியாளர்களுக்கே அது வெளியாள் எழுதிய கடிதம் போல ஆகிவிடும். ஒரே தாளில் இரண்டு வாசகரையும் திருப்திப்படுத்த முயன்றுதான் பலரும் அந்த உயிரற்ற நடைக்குப் போய்ச் சேர்கிறார்கள். நான் கடைப்பிடித்த வழி, கடிதத்தை 'நாம்' என்றே எழுதிவிட்டு, வெளியே போகும் நகலின் மேல் இரண்டு வரியில் தனி இணைப்புக் குறிப்பு வைப்பது. "எங்கள் பணியாளர்களுக்கு எழுதிய கடிதத்தின் நகல் தங்கள் பார்வைக்கு" என்று அந்தக் குறிப்பில் 'எங்கள்' வந்துவிட்டால் போதும்.

பெரம்பூர் ஜமாலியா:

என் கதையைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில், புதிய கிளை திறந்த பிறகு இப்படி ஒரு நன்றிக் கடிதம் வந்தது. ஒன்பது பேர் வேலை செய்தோம். எட்டுப் பெயர்கள் இருந்தன. இறுதியில் 'மற்றும் பலர்' என்று ஒரு வரி. அந்தப் 'பலர்' நான் ஒருத்திதான். எழுதியவர் வேண்டுமென்று விடவில்லை. நான் அன்று சரக்கு இறக்கும் இடத்தில் இருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. பிறகு வாயால் நன்றி சொன்னார். ஆனால் பலகையில் அந்தத் தாள் ஓர் ஆண்டு அப்படியே இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் கையெழுத்துப் போடப் போவேன்.

உங்கள் குழுச் செய்தியில் இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. மீதிப் பன்னிரண்டு பேர் என்ன ஆனார்கள்?

பனைமரத்தொட்டிக்காரன்:

இந்தக் கேள்வி சுட்டது. வருகைப் பதிவேட்டையும் 13, 14 தேதிகளின் பணிப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் போனேன். ஐந்து பேர் அன்று என்ன செய்தார்கள் என்பது எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டேன். அதிகாலை 3.50க்கு மின்சாரம் நின்றபோது, யாரும் சொல்லாமலே ஜெனரேட்டரை இயக்கியவர் காவலர் ஏழுமலை என்று அப்போதுதான் தெரிந்தது. பாஷா மூன்று தொழிற்சாலைகளின் இருப்பையும் மணிக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக் கணினியில் ஏற்றியிருக்கிறார். வரிசை எண் வழங்கும் முறையை வடிவமைத்த நந்தினியோ ஏப்ரலிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் பெயரைச் சேர்க்கலாமா?

வியாசைத் தமிழன்:

வேலையை விட்டவர் பெயர் தற்போதைய பணியாளர்களுக்கான கடிதத்தில் இடம்பெறுவது முறையன்று. அவருக்குத் தனியாக எழுதலாம். அதோடு, மரியாதை அடைமொழி பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

ஒற்றியூர் ஓய்வுபெற்றவர்:

நந்தினியைச் சேர்க்கத்தான் வேண்டும் என்பேன். பணியில் இருப்பவர் அதைப் படிக்கும்போது, நாளை நாம் போனாலும் நம் வேலை பெயரோடு இருக்கும் என்று அறிந்துகொள்வார்.

அடைமொழி பற்றி வியாசைத் தமிழன் எழுப்பியது முக்கியமான கேள்வி, விடைதான் வேறு. திருமதியா செல்வியா என்று தேடப் போனால், ஒருவருடைய திருமணத்தை நன்றிக் கடிதத்துக்குள் இழுக்க வேண்டிவரும். உரிமையாளருக்கு மட்டும் 'திரு... அவர்கள்', காவலருக்கு வெறும் 'ஏழுமலை' என்று எழுதினால் யார் யாருக்கு மேல் என்பதைத் தாளே சொல்லிவிடும். எல்லோருக்கும் போடுங்கள், அல்லது யாருக்கும் போடாதீர்கள். நான் போடாமல் விட்டு, வினைமுற்றில் மரியாதையை வைப்பேன். 'ஏழுமலை இயக்கினார்', 'டேவிட் கண்டுபிடித்தார்'. தமிழில் அந்த '-ஆர்' விகுதி போதும். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் அதுவே.

'மேரி அக்கா' என்பதை மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஆனால் தாளில் ஒருவருக்கு மட்டும் உறவுமுறை சேர்த்தால் மற்றவர்கள் சற்றுத் தள்ளி நிற்பதுபோல் ஆகிவிடும். வாயால் அக்கா, தாளில் மேரி. இது என் வழக்கம், விதி அன்று.

பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது என்று அடுத்துத் தடுமாறுவீர்கள். பதவி வரிசையும் வேண்டாம், அகர வரிசையும் வேண்டாம். கடிகார வரிசையில் எழுதுங்கள். யார் முதலில் வேலை செய்தாரோ அவர் முதலில் வருவார். ஒவ்வொருவருக்கும் 'செய்ததற்கு இன்னாருக்கு நன்றி' என்று எழுதாதீர்கள். பதினான்கு முறை '-தற்கு', '-க்கு' என்று வந்தால் வாசிப்பவர் ஐந்தாவது பெயரிலேயே களைத்துவிடுவார். நடந்ததைச் சாதாரண இறந்தகால வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே போய், நன்றி என்ற சொல்லைக் கடைசியில் ஒரே ஒரு முறை வையுங்கள்.

கொருக்குப்பேட்டை நிரலர்:

பிரியாணியும் 'மொத்த கோஸ்ட்டும்' என்னவாயின? டெஸ்டிங் குழு தூங்காமல் கிடந்தது பற்றியும் யாரும் பேசவில்லை.

ஒற்றியூர் ஓய்வுபெற்றவர்:

கடற்கரை முழுவதையும் பிடிக்கும் திட்டத்தை நகல் போகும் தாளில் எழுதக் கூடாது. ஐஸ் தொழிற்சாலைக்காரர் அதைப் படித்தால் அடுத்த பேச்சுவார்த்தையில் விலை வேறாக இருக்கும். பிரியாணி குழுச் செய்தியிலேயே இருக்கட்டும். அச்சுத் தாளில் ஏறினால் அது நிறுவனத்தின் வாக்குறுதியாகி, கணக்குப் பிரிவு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்கும்.

தூங்காமல் இருந்ததைப் புகழ வேண்டாம். பலகையில் அதை ஒட்டினால், அடுத்த முறையும் தூங்காதீர்கள் என்று சொல்வதாகவே படிப்பார்கள். அந்த இரவில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் உரிமையாளரிடம் கேட்டு மாற்று விடுப்பு வாங்கிக் கொடுங்கள். அதை எழுதினால் தெய்வம் என்று சொன்னதைவிட மகிழ்வார்கள்.

பனைமரத்தொட்டிக்காரன்:

மூன்று முறை திருத்தி எழுதினேன். முழுக் கடிதமும் ஒன்றரைப் பக்கம். நீங்கள் பேசியவை தொடர்பான பகுதியை மட்டும் தருகிறேன்.

"அன்புள்ள சக பணியாளர்களுக்கு,

ஜூன் 14 காலை 4 மணிக்கு நம் செயலி காசிமேட்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அன்று நள்ளிரவுக்குள் 212 படகுகள் பதிவு செய்துகொண்டன. அவற்றில் 148 படகுகள் நம் வழியாக ஐஸ் பெற்றுக் கடலுக்குப் புறப்பட்டன. அந்த நாள் எப்படி நடந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வரிசை எண் வழங்கும் முறையை வடிவமைத்தவர், ஏப்ரலில் நம்மிடமிருந்து விடைபெற்ற நந்தினி. 13ஆம் தேதி இரவு ஷகிலாவும் கார்த்திக்கும் படகு எண்களைச் சரிபார்த்தபோது, ஒரே படகுக்கு இரண்டு முறை ஐஸ் ஒதுக்கும் பிழையைக் கண்டுபிடித்தார்கள். விடிவதற்குள் அது திருத்தப்படாதிருந்தால் மதியத்துக்குள் தொழிற்சாலைகளில் இருப்புக் கணக்கு குலைந்திருக்கும். 3.50க்கு மின்சாரம் நின்றபோது ஏழுமலை ஜெனரேட்டரை இயக்கினார். நாம் குறித்த நேரத்தில் தொடங்கியது அதனால்தான். பாஷா அன்று முழுவதும் மணிக்கு ஒருமுறை மூன்று தொழிற்சாலைகளின் இருப்பையும் கேட்டுப் பதிந்தார்.

காலை 6.10 முதல் 6.50 வரை யாருக்கும் ஓடிபி செல்லவில்லை. முந்தைய மாலை அந்தச் செய்தியில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னவன் நான். பதிவு பெற்ற வாசகத்திலிருந்து அது மாறிப்போனதால் செய்திகள் நிறுத்தப்பட்டன. டேவிட் அதைக் கண்டுபிடித்துப் பழைய வாசகத்தை மீட்டார். அந்த நாற்பது நிமிடமும் மேரி துறைமுகத்தில் நின்று, 23 படகுகளுக்குத் தம் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலைகள் அந்தச் சீட்டை ஏற்றன. ஒரு படகும் திரும்பிப் போகவில்லை.

13ஆம் தேதி இரவுப் பணியில் இருந்தவர்கள் இம்மாத இறுதிக்குள் ஒரு நாள் மாற்று விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி."

வியாசைத் தமிழன்:

படித்தேன். 'திருத்தப்படாதிருந்தால்', 'நிறுத்தப்பட்டன' என்று இரண்டு இடங்களில் செயப்பாட்டு வினை இருப்பதைக் கவனிக்கவும். ஐயா ஒன்றும் சொல்லவில்லையே.

ஒற்றியூர் ஓய்வுபெற்றவர்:

நிறுத்தியது தொலைத்தொடர்பு நிறுவனம். அதற்கு நாம் நன்றி சொல்லவில்லை, எனவே அது மறைந்திருக்கலாம். முதலாவது பற்றி நீங்கள் சொல்வது சரிதான். பிழையைத் திருத்தியவர் யார் என்று கடிதத்தில் இல்லை. கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள், திருத்தியவர் இல்லை. தம்பி, அது யார்?

பனைமரத்தொட்டிக்காரன்:

அதுவும் டேவிட்தான். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை இரண்டு மணிக்கு எழுப்பினோம். "டேவிட் விடிவதற்குள் அதைத் திருத்தினார்" என்று மாற்றிவிடுகிறேன். வியாசைத் தமிழனுக்கு நன்றி.

கொருக்குப்பேட்டை நிரலர்:

கடிதம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஓடிபி வரியைச் சங்கத்துக்குப் போகும் நகலிலிருந்து நீக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. உங்களுக்குப் போட்டியாக நாளை ஒருவர் வந்தால், அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டுவார். உள்ளே நேர்மையாக இருப்பது வேறு, எழுத்தில் கையெழுத்திட்டு வெளியே கொடுப்பது வேறு.

பெரம்பூர் ஜமாலியா:

அதை நீக்கினால் சங்கத்துக்காரர்கள் பார்க்கும் தாளில் மேரி சும்மா துறைமுகத்தில் நின்றவராகிவிடுவார். எனக்கு ஏழுமலை வரியைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பதினான்கு பேரும் இருக்கிறார்களா என்று மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மணலி விளம்பரம்:

'ஒரு படகும் திரும்பிப் போகவில்லை' என்ற வரியை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதைத் தனியாக வைத்திருங்கள்.

பனைமரத்தொட்டிக்காரன்:

எண்ணிவிட்டேன், பதினான்கும் நந்தினியும் இருக்கிறார்கள். உரிமையாளர் ஓடிபி வரியைப் பலகைக் கடிதத்தில் விட்டுவிட்டு, சங்கத்துக்குப் போகும் நகலை மட்டும் இரண்டு நாள் நிறுத்தி வைத்திருக்கிறார். வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்க வேண்டுமாம். தொழிற்சாலைகளுக்கு இணைப்புக் குறிப்போடு அப்படியே போய்விட்டது.

இன்று காலை பலகையில் ஒட்டினேன். மேரி அக்கா நின்று முழுவதையும் படித்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார். சீட்டு எழுதியது 23 படகுகளுக்கு அன்று, 26 படகுகளுக்கு என்றார். நோட்டுத் தாள் தீர்ந்துபோன பிறகு மூன்று படகுகளுக்குப் பேருந்துப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாராம். அவை பாஷாவின் கணக்கில் ஏறவே இல்லை. தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் கேட்டோம், மூன்று பயணச்சீட்டுகளையும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார்கள். கடிதத்தில் 23ஐ 26 என்றும், 148ஐ 151 என்றும் மேரி அக்காவே பேனாவால் திருத்திச் சுருக்கொப்பம் இட்டார். புதிதாக அச்செடுக்கட்டுமா என்று கேட்டேன், இதுவே இருக்கட்டும் என்றார்.